பாடுள்ள மாசம் முப்பது

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பதை என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதனால் பாங்கில் கடன் கேட்கப் போகும் முன் என்னைப் பத்து நாள் பழக்கினாள். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் பாங்கு அதிகாரியாக எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்துகொள்வாள். நான் எதிரே கைகட்டி நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், "கோவம் எட்டிப் பாக்குது, முதல்லேருந்து சொல்லுங்க" என்பாள்.

எங்கள் கடை முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையில் இருந்தது. அரிசி, கருப்பட்டி, மண்ணெண்ணெய், தூண்டில், வலை முடிய நூல். நான் கடற்கரையில் பிறந்தவன்தான். ஆனால் கட்டுமரத்தில் ஏறிக் கரையை விட்டு நூறு கை தாண்டினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அண்ணன்மார் மூன்று பேரும் கட்டுமரம் வலிக்க, நான் தராசு பிடித்தேன். அதைச் சொல்லிச் சிரிக்காதவன் எங்கள் கரையில் கிடையாது.

கடைக்கு உயிர் நூலில்தான் இருந்தது. அந்த நூலோ என் கையில் இல்லை. கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் இருந்தார். அவர்தான் எனக்கு நூலைக் கடனாகத் தருவார், கட்டு எட்டு ரூபாய். கோட்டாற்றுச் சந்தையில் ரொக்கம் கொடுத்தால் அதே கட்டு ஆறு ரூபாய். விலை கூடுதல் என்பது போகட்டும். என்னிடம் அந்த நூலைக் கடனுக்கு வாங்குகிறவன் பிடிக்கிற மீனை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. யார் யார் நூல் வாங்கினார்கள் என்ற பட்டியலை மாதாமாதம் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த அண்ணன்களின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டியலை எழுதும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ரொக்கமாக இருநூற்று நாற்பது ரூபாய் கிடைத்தால் கோட்டாற்றில் நாற்பது கட்டு வாங்கலாம். கட்டு ஏழு ரூபாய்க்கு விற்றால் எனக்கு ஒரு ரூபாய், வாங்குகிறவனுக்கு ஒரு ரூபாய் மிச்சம். பட்டியல் எழுத வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டது என் மனைவி. அவள் களியக்காவிளைப் பக்கம், உள்நாட்டுக்காரி. மடத்துப் பள்ளியில் படித்தவள். தமிழும் மலையாளமும் எழுதுவாள். அதிகாரிகளுக்கு நீளமாகப் பேசினால் தூக்கம் வரும், மூன்று எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் காதில் நிற்கும் என்பது அவள் கட்சி. எண்கள் இவை: இருநூற்று நாற்பது, எட்டு, முப்பது.

எங்கள் கரையில் கடலில் மீன் விழுவதற்குப் பாடு என்று பெயர். "இன்னைக்குப் பாடு உண்டா?" என்பதுதான் காலையில் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி. வருஷத்தில் எட்டு மாதம் பாட்டை நம்பலாம். கடல் பொங்கி மரம் இறக்க முடியாத நாட்களும் மற்ற வறட்டு நாட்களுமாக ஒரு நாலு மாதத்தை நம்ப முடியாது. பாடு இருந்தால் நூல் வாங்கினவன் காசு தருவான், நான் பாங்கில் கட்டுவேன். இல்லையென்றால் வட்டி மட்டும். இதைத்தான் நான் மனப்பாடம் செய்தேன்.

சோப்புப் போட்டுத் துவைத்த வேட்டியும் தோளில் நேரியலுமாகத் திங்கள்சந்தை வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் போனேன். இடுப்பில் கடை நிற்கும் பத்து செண்டு நிலத்தின் பத்திரமும் கரம் கட்டிய ரசீதும். நிலம் என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்தது. பாங்கு ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். வாசலில் ஒரு பியூன், உள்ளே ஒரு கிளார்க், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏஜெண்டு. ஏஜெண்டு என்றால் அந்தக் கிளைக்குப் பெரியவர். வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர், வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ் நன்றாகவே பேசினார், மலையாளம் தடவிய தமிழ். உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கடனுக்குப் போன இடத்தில் நாற்காலி கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். வில்லங்கம் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். புரோநோட்டில் கூடக் கையெழுத்துப் போட ஜாமீன் யார் என்றார். மைத்துனன், அவனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது என்றேன். வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்று, சம்மதமா என்றார். சம்மதம் என்றேன். இதுவரை எல்லாம் எண்ணெய்த் தகரத்தின் முன்னால் பழகியபடியே நடந்தது. அப்புறம் அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, எப்படித் திருப்பிக் கட்டுவீர் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஐயா, எனக்கு வேண்டியது இருநூத்தி நாப்பது. வலைநூல் வாங்க. வருசத்துல பாடுள்ள மாசம் எட்டு. பாடுள்ள மாசம் முப்பது கெட்டுவேன். எட்டு முப்பது இருநூத்தி நாப்பது. மிச்சம் நாலு மாசம் பாடு இருக்காது. பாடில்லாத மாசம் வட்டி மட்டும் கெட்டுவேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எண்கள் காதில் ஏறுகின்றன என்று எனக்குள் ஒரே பூரிப்பு. இருநூத்தி நாப்பது, பாடுள்ள மாசம் எட்டு, மாசம் முப்பது. பாடில்லாத மாசம் வட்டி. முதல் தடவையைவிடத் தெளிவாகச் சொன்னேன். அவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க்கு வடிவீசுவரத்துக்காரர், கடலை மாசி மகத்தன்று மட்டும் பார்க்கிறவர். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஏஜெண்டு மெதுவாகக் கேட்டார்: "பாடில்லாத்த மாசம் தராத்த ஆள், பாடுள்ள மாசம் எங்ஙனெ தரும்?"

நல்ல கேள்வி என்றே நினைத்தேன். பாடு உள்ளபோதுதான் ஐயா கடையில் கூட்டம், பாடு கூடக் கூட எனக்கு வரும்படி, காலையில் எழுந்து பாடு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கடை திறப்பேன் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது. ஆட்களுக்குப் பாடு கூடினால் உமக்குச் சந்தோஷமா என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று எனக்கு ஆச்சரியம். மறைக்காமல் சொன்னேன்.

"சந்தோசம் இல்லாம என்ன ஐயா? அவங்க பாட்டுலதான எனக்க பிழைப்பே."

அவர் பேனாவை மூடினார். அப்புறம் தணிந்த குரலில், இந்த மாதிரி ஆளுக்கு இந்தப் பாங்கில் பணம் கிடையாது, உம்மைப் போல ஒருவன் எங்கள் ஊரிலும் இருந்தான், அவனால்தான் எங்கள் அப்பாவின் நிலம் போயிற்று என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததெல்லாம் இந்த மாதிரி ஆள் என்ற சொல் ஒன்றுதான். கடற்கரைக்காரன் என்று இளக்காரமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பத்து நாள் பழக்கமும் அந்த இடத்தில் பறந்தது. நாற்காலி பின்னால் விழ எழுந்து, உம்ம பணத்தை நீரே வேகவைத்துத் தின்னும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பியூன் எனக்குக் கதவைத் திறந்துவிட்டான், பயத்தில்.

திங்கள்சந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி இடுப்பைத் தடவினபோதுதான் பத்திரத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மனைவியின் நிலம். அதற்கு முன் கடன் போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. இரண்டு தடவை திரும்பி நாகர்கோவில் பக்கம் நடந்தேன். இரண்டு தடவையும் வெட்கம் பிடித்து இழுத்தது.

வீட்டில் சொன்னபோது அவள் பத்திரத்தைப் பற்றிக் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை. அங்கே பேசினதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னாள். அவர் கேட்டதை அவர் மாதிரியே சொல்லச் சொன்னாள். சொன்னேன். "அவங்க பாட்டுலதான எனக்க பிழைப்பே" என்ற இடம் வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். தோள் குலுங்கினது சிரிப்பில்.

அவள் ஊரில் பாடு என்றால் கஷ்டம். வடக்கே போகப் போக அதே சொல்லுக்கு அதே பொருள்தான். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த மறுநாள் காலை, எங்கள் அம்மா வாசலில் நின்று நல்ல பாடு, நல்ல பாடு என்று கூவினபோது, வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று இவள் முழங்காலில் விழுந்து ஜெபம் சொல்லியிருக்கிறாள். அதை இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்து, இப்போது அவள் வாயிலும் பாடு என்றால் மீன்தான். அதனால்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தபோதும் அவளுக்கு உறைக்கவில்லை. ஆக அந்தப் பெரியவர் காதில் விழுந்தது இது: ஜனங்களுக்குக் கஷ்டம் உள்ள மாதம் முப்பது ரூபாய் தருவேன், கஷ்டம் இல்லாத மாதம் வட்டி மட்டும், அவர்கள் கஷ்டத்தில்தான் என் பிழைப்பு.

பட்டியல் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பட்டியல் எழுதிக் கொடுக்கிறவனை வேறு என்னவென்று நினைப்பார்? ராத்திரி படுத்தபோது எனக்கு அதுதான் குத்தியது. அந்த வியாபாரி மாதிரி ஒருவரைத்தான் அவர் என்னில் பார்த்திருக்கிறார். பார்த்தது முழுப் பிசகும் இல்லை.

மறுநாள் அவளும் கூட வந்தாள். கரையில் அன்று நல்ல பாடு. போகிற வழியில் என் அண்ணன் மரத்திலிருந்து நாலு விளமீன் எடுத்துப் பனையோலைப் பட்டையில் கட்டிக்கொண்டாள். பஸ்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசி இருக்கைக்கு அனுப்பினான். பாங்கு வாசலில் பியூன் என்னைப் பார்த்து ஒதுங்கினான், மீனைப் பார்த்துக் குறுக்கே வந்தான். அவள் நிற்கவில்லை. நேரே தடுப்புக்குள் போய் ஏஜெண்டு மேசையில் பட்டையை வைத்துப் பிரித்தாள். மையொற்றும் தாளில் மீன் தண்ணீர் ஊறியது. அவர் எழுந்துவிட்டார். மீனைக் கொண்டுவந்து பத்திரத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கைக்கூலி இல்ல சாரே" என்றாள். "நேத்து இவரு சொன்ன பாடு இதுதான்."

அவர் மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவள் மலையாளத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள், தன் ஜெபத்தையும் சேர்த்து. அவர் மெல்ல உட்கார்ந்தார். நேற்று எழுதின தாளை எடுத்து, பாடு என்ற இடத்தில் மீன் என்ற சொல்லைப் போட்டு ஒருமுறை தனக்குள் வாசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞான் நிங்ஙளெ என்னவோ நினைச்சு போயி" என்றார். நானும் நாற்காலியைத் தள்ளினதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தப் பட்டியலைப் பற்றியும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் அந்தப் பணத்தை வாங்க மனசு வரவில்லை.

அவர் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கிளார்க்கும் வந்து நின்றார். இருநூத்தி நாப்பது, மீன் கிடைக்கிற மாசம் எட்டு, மாசம் முப்பது, மீன் இல்லாத மாசம் வட்டி. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. கடையின் கடன் பற்றுப் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். மைத்துனனை நேரில் வரச் சொன்னார். மாதத்துக்கு மாதம் தவணை மாறுவதற்குப் பாங்குத் தாளில் இடம் இல்லை, மேலாபீசுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். மேலாபீசிலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. பாடு என்றால் என்ன என்று கேட்டிருந்தார்களாம். அவர் மறுபடி எழுதினார், அப்புறம்தான் அனுமதி வந்தது.

அந்த மீனை மட்டும் அவர் சும்மா வாங்கவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் கெட்டுப்போகும் என்று அவள் சொல்ல, சந்தையில் என்ன விலை என்று பியூனிடம் கேட்டு, தன் பையிலிருந்து காசை எண்ணி அவள் கையில் கொடுத்தார். பத்திரத்தையும் அவள் கையிலேயே கொடுத்தார், என்னிடம் இல்லை. அதில் நியாயம் இருந்தது.

புரோநோட்டில் ஸ்டாம்பின் மேல் நானும் மைத்துனனும் கையெழுத்துப் போட்டோம். நாற்பது கட்டு நூல் வண்டியில் வந்து இறங்கியது. வியாபாரி ஒருநாள் கடைக்கே வந்து, பட்டியல் எங்கே என்றார். இனி இல்லை என்றேன். கோபப்படாமல் சொன்னேன், அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. எல்லாரும் அவரை விட்டு வந்துவிடவில்லை. பழைய கடன் கழுத்தை நெரிக்கிறவர்கள் அவரிடமே நின்றார்கள். என் அண்ணன்மார் மூவரில் இருவர் வந்தார்கள்.

அந்த வருஷம் பாடுள்ள மாதம் என்று நாங்கள் நம்பின ஒரு மாதம் ஏமாற்றியது. முப்பது இல்லை. வட்டியை மட்டும் முடிந்துகொண்டு, என்ன சொல்வாரோ என்று போய் நின்றேன். ஏஜெண்டு புத்தகத்தைப் புரட்டாமலே சொன்னார்.

"பாடில்லெங்கில் வட்டி. அங்ஙனெ அல்லே எழுதியது?"

கடன் பதிநாலு மாதத்தில் தீர்ந்தது. பிறகும் நாகர்கோவில் போனால் பாங்கில் எட்டிப் பார்ப்பேன். உள்ளே போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, பாடு உண்டா என்பதுதான். கிளார்க்குகூடக் கேட்கத் தொடங்கியிருந்தார். அப்புறம் அவரை வடக்கே மாற்றினார்கள். அவர் மாறிப்போன இரண்டாம் வருஷம் அந்தப் பாங்கு பூட்டிக் கிடந்தது. அப்போது அப்படிப் பல பாங்குகள் மூடின. பணம் போட்டவர்கள் வாசலில் நின்றார்கள். கடன் வாங்கித் தீர்த்த எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மனசு சரியில்லை.

சில மாதம் கழித்து அஞ்சலில் ஒரு கார்டு வந்தது. மலையாளத்தில் நாலு வரி. அவள்தான் வாசித்தாள். பாங்கு அடைத்தாயிற்று, வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று முதல் இரண்டு வரி. மூன்றாவது வரி, இங்கே இப்போது நல்ல பாடு. நாலாவது, அங்கே எப்படி?

நான் உடனே சந்தோஷப்பட்டேன். நம் பேச்சில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார், ஏதோ வரும்படி இருக்கிறது போல என்றேன். அவள் கார்டைக் கீழே வைக்கவில்லை. வேலை போன மனிதனுக்கு எந்தப் பாடு நல்லாயிருக்கும் என்று கேட்டாள். மீன், கஷ்டம் இரண்டும் படும்படித்தான் எழுதியிருக்கிறார், உதவி கேட்க வெட்கப்பட்டு எழுதியிருக்கிறார் என்றாள். எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதன் இந்தப் பக்கம் வந்து நிற்பதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த மாதம் எங்கள் கரையில் பாடு நன்றாக இருந்தது. முப்பது ரூபாயை எடுத்துக்கொண்டு இருவரும் அஞ்சலாபீசுக்குப் போனோம். மணியார்டர் தாளில் சேதி எழுதுவதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. என்ன எழுதட்டும் என்றாள். பாடுள்ள மாசம் முப்பது என்று எழுதச் சொன்னேன். வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பணம் பெற்றதற்கான ரசீது திரும்பி வந்தது. திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தோம், வாங்கிக்கொண்டிருந்தார். பாங்கு ரசீதுகளில் பார்த்த அதே நீட்டிய கையெழுத்து. அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டே சொல் இருந்தது. அவள் அதை வாசித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பிடுங்கிப் பார்த்தேன், எனக்கு மலையாளம் தெரியாது என்பதை மறந்து. என்ன எழுதியிருக்கிறார் என்று கத்தினேன்.

"வட்டி எத்ரெ?" என்றாள். வட்டி எவ்வளவு என்று கேட்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கடைக்கு வந்தவர்களுக்கு அரிசி அளக்கிற சாக்கில் திரும்பி நின்றேன். அப்புறம் சொன்னேன்.

"ஏட்டி, கார்டு எடு. நாலு விளமீன்னு எழுது."